பூக்கடை அக்காவுக்குப் போன 290 வெள்ளி நோட்டீஸ்: நாங்கள் ஏன் அதைத் திருப்பி எழுதினோம்



ஒரு வாரமா நம்ம ஆலயப் புலனக் குழுவில் ஒரு படம் சுத்திக்கிட்டு இருக்கு. நீங்களும் பார்த்திருப்பீங்க. கோயில் மதில் ஓரத்துப் பூக்கடையின் இரும்புக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸ். அதைக் கிழித்து எடுத்தது நாங்கள்தான். கிழித்ததோடு நிற்காமல் வேறு ஒன்றை எழுதி, பொருளாளர் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு அக்கா கையில் கொடுத்ததும் நாங்கள்தான். இதற்காக "தொண்டர்கள் கடன்காரங்க பக்கம் சாயுறாங்க", "அம்மன் காசை விட்டுக் கொடுக்கிறாங்க" என்று குழுவில் எழுதுகிறார்கள். குரல் பதிவு போட்டுத் திட்டுகிறவர்களும் உண்டு. பதில் சொல்லாமல் இருந்தால் அதுவே உண்மை ஆகிவிடும். அதனால் நீளமாக எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அக்கா தாமதமாகத்தான் கட்டினார். அதை நாங்கள் மறுக்கவில்லை, அக்காவும் மறுக்கவில்லை. மார்ச் மாத வாடகை 650 ரிங்கிட். அவர் வீட்டுக்காரர் அந்த மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார், கடை பத்து நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. மார்ச் வாடகை ஜூன் 20-ஆம் தேதிதான் வந்தது. நடுவில் ஏப்ரல், மே, ஜூன் வாடகைகளை ஒழுங்காகக் கட்டிவிட்டார்: ஏப்ரல் 3, மே 4, ஜூன் 5. இந்த நாலு தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஜூன் 24-ஆம் தேதி கதவில் ஒட்டியது என்ன? ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இறுதி எச்சரிக்கை. தாமதக் கட்டணம் 260 ரிங்கிட், நிர்வாகச் செலவு 30 ரிங்கிட், மொத்தம் 290 ரிங்கிட். 7 நாளில் கட்டத் தவறினால் முன்னறிவிப்பின்றிக் கடை காலி செய்யப்படும்." அதற்குக் கீழே யாரோ பேனாவால் தமிழில் எழுதியிருந்தார்கள்: சிவன் சொத்து குலநாசம்.

இதில் எந்த மாதத்துக்கு என்று இல்லை. எந்த ஒப்பந்தம், எத்தனையாவது விதி என்று இல்லை. 260 எப்படி வந்தது என்று இல்லை. யாரைப் பார்த்துப் பேசலாம் என்றும் இல்லை. இத்தனை வருஷமாக அம்மனுக்கு மாலை கட்டிக் கொடுத்துவரும் ஒரு குடும்பத்தின் கதவில், வெள்ளிக்கிழமை கூட்டம் போகிற வழியில், குலம் நாசமாகும் என்று எழுதி ஒட்டினோம். "ஒட்டினார்கள்" என்று சொல்லி நழுவ மாட்டோம். கோயில் பேரில் போனது, அது நாம் எல்லாரும் ஒட்டியதுதான்.

நாங்கள் செய்த முதல் வேலை, ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தது. அலுவலக அலமாரியில், மூன்றாவது கோப்பில் இருந்தது. முத்திரை வரி கட்டி முத்திரை குத்திய ஒப்பந்தம்தான், அந்த மட்டுக்கும் சந்தோஷம். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நம் நாட்டு நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. ஆறாவது விதி தாமதத்தைப் பற்றிப் பேசுகிறது. அதன் பொருள் இது: வாடகை ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி கட்ட வேண்டும். 7-ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. அதற்குள் வராவிட்டால், கட்டாமல் இருக்கும் வாடகைத் தொகைக்கு 8-ஆம் தேதியிலிருந்து கட்டும் நாள் வரை, ஆண்டுக்கு 10 விழுக்காடு, 365 நாளால் வகுத்து நாள் கணக்கில் வட்டி.

ஆண்டுக்கு. ஒப்பந்தத்தில் "பெர் ஆன்னம்" என்று தெளிவாக இருக்கிறது. அலுவலகத்தில் யாரோ எப்போதோ "10 விழுக்காடு" என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் இதுவரை கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாதம் 10 விழுக்காடு என்றால் 650-க்கு 65 ரிங்கிட். வருஷத்துக்குப் பார்த்தால் 120 விழுக்காடு. வட்டிக்கு விடுகிற ஆலோங்கைத் திட்டிச் சொற்பொழிவு வைக்கிறோமே, அந்த மண்டபத்துக்குப் பின் அறையில்தான் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது.

ஆனால் 65 ஒரு தடவைதானே? மார்ச் ஒன்றுதானே தாமதம்? நாலு 65 எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. பேரேட்டைப் பார்த்தோம். ஏப்ரல் 3-இல் அக்கா கட்டிய 650-ஐக் கிராணி "மார்ச் பாக்கி"க்கு வரவு வைத்திருக்கிறார். அதனால் ஏப்ரல் கட்டாதது ஆகிவிட்டது. மே 4-இல் வந்த பணம் ஏப்ரலுக்குப் போனது, ஆகவே மே கட்டாதது. ஜூன் 5-இல் வந்தது மேக்கு. ஜூன் 20-இல் மார்ச்சுக்கென்று அக்கா கட்டியது ஜூனுக்கு. ஒரு மாதத் தாமதம் நாலு மாதத் தாமதமாக உருண்டுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் 65. மொத்தம் 260.

கிராணியைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. பழைய பாக்கியை முதலில் கழிப்பது பல கடைகளில் வழக்கம்தான். ஆனால் அக்கா வங்கியில் பணம் அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதியிருக்கிறார்: "Sewa April", "Sewa Mei", "Sewa Jun", கடைசியாக "Sewa Mac". அவர் கைப்பேசியில் நாலும் இருக்கிறது, நம் வங்கிக் கணக்கறிக்கையிலும் நாலும் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதைப் பற்றி நேராகவே சொல்கிறது: பல கடன் உள்ளவர், இது இந்தக் கடனுக்கு என்று சொல்லிப் பணம் கொடுத்து, அதை நாம் வாங்கிக்கொண்டால், அந்தக் கடனுக்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் ஒன்றுமே சொல்லாமல் கொடுத்தால்தான் நாம் தேர்ந்தெடுக்கலாம். அக்கா சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். நாம்தான் படிக்கவில்லை.

சரி, ஒப்பந்தப்படி உண்மைக் கணக்கு என்ன? மார்ச் 8 முதல் ஜூன் 20 வரை. மார்ச்சில் 8 முதல் 31 வரை 24 நாள், ஏப்ரல் 30, மே 31, ஜூனில் 1 முதல் 19 வரை 19. மொத்தம் 104 நாள். பணம் வந்த 20-ஆம் தேதியைச் சேர்க்கவில்லை. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் இரண்டையும் எண்ணினால் ஒரு நாள் கூடிவிடும். விதியில் "கட்டும் நாள் வரை" என்று மட்டும் இருக்கிறது, அந்த நாளும் சேருமா என்று இல்லை. சந்தேகம் என்றால் கட்டுகிறவர் பக்கம் விடுவது என்று முடிவு செய்தோம், விதியை எழுதிக் கொடுத்தது கோயில் என்பதால். சண்டை வந்தாலும் 18 சென்னுக்குத்தான்.

`650 × 10% × 104 ÷ 365 = 18.52`

பதினெட்டு ரிங்கிட் ஐம்பத்திரண்டு சென். அவ்வளவுதான் அக்கா கொடுக்க வேண்டியது. நாம் கேட்டது 290.

கணக்குப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஒரு நாள் வட்டியை முதலில் 18 சென் என்று முழுசாக்கிவிட்டு 104-ஆல் பெருக்கினால் 18.72 வரும். இருபது சென் கூடுதல். முழுசாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு தடவை செய்யுங்கள். எக்செல் வைத்திருக்கிறவர்கள் இப்படிப் போட்டால் நாளையும் தொகையையும் அதுவே எண்ணிவிடும்:

```
=DATE(2025,6,20)-DATE(2025,3,8)
=ROUND(650*10%*104/365,2)
```

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கிராணி செய்த மாதிரியே பணத்தை உருட்டி, ஆனால் விகிதத்தைச் சரியாக ஆண்டுக்கு 10 என்று போட்டுப் பார்த்தோம். 26, 26, 28, 12 நாள் என்று 92 நாள்தான் வருகிறது, 16.38 ரிங்கிட். ஒவ்வொரு மாதமும் ஏழு நாள் அவகாசம் கழிவதால் குறைகிறது. எங்களில் ஒருவர், "அப்போ அதையே போட்டுடலாம், அக்காவுக்கு நல்லதுதானே" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். குறிப்பில் எழுதியபடி வரவு வைக்க வேண்டும் என்பது நமக்குச் சாதகமாக இருக்கும்போதும் பாதகமாக இருக்கும்போதும் ஒரே விதிதான். கடன்காரர் பக்கம் சாய்கிறோம் என்று எழுதியவர்கள் இந்த 2 ரிங்கிட் 14 சென்னைக் கொஞ்சம் பாருங்கள்.

அப்புறம் அந்த 30 ரிங்கிட் "நிர்வாகச் செலவு". ஒப்பந்தத்தை மூன்று தடவை புரட்டினோம். அப்படி ஒரு விதியே இல்லை. ஒரு தாள், கொஞ்சம் மை, ஒட்டுவதற்குப் பசை. ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணத்தை நோட்டீஸில் எழுதிவிட்டால் அது கடன் ஆகிவிடாது. அடித்துவிட்டோம். "முன்னறிவிப்பின்றி காலி" என்பதும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் ஒரு மாத எழுத்து அறிவிப்பு வேண்டும் என்று இருக்கிறது, அதுவும் வாடகை பாக்கி இருக்கும்போது. நோட்டீஸ் ஒட்டிய அன்று வாடகை பாக்கி ஒரு சென் கூட இல்லை!

இப்போது நாங்கள் எழுதிய கடிதம். தமிழில் எழுதினோம், அக்கா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். எல்லாரும் படித்துப் பார்த்து, இதில் எந்த வரி கோயிலை விட்டுக் கொடுக்கிறது என்று காட்டுங்கள்.

"அன்புள்ள அம்மா, வணக்கம்.

மார்ச் 2025 கடை வாடகைக்கான தாமதக் கட்டணம் பற்றி இதை எழுதுகிறோம். ஜூன் வரையிலான வாடகை முழுவதும் எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நன்றி. வாடகைப் பாக்கி எதுவும் இல்லை.

மார்ச் வாடகை 650 ரிங்கிட், அவகாசம் முடிந்த மார்ச் 7-க்குப் பிறகு, ஜூன் 20-ஆம் தேதி கிடைத்தது. நாம் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தின் 6-ஆவது விதிப்படி, தாமதமான தொகைக்கு மார்ச் 8 முதல் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் சேரும். அந்த விதி உள்ள பக்கத்தின் நகல் இத்துடன் இருக்கிறது.

கணக்கு: 650 ரிங்கிட், ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றால் ஓர் ஆண்டுக்கு 65 ரிங்கிட். அதை 365-ஆல் வகுத்து, மார்ச் 8 முதல் ஜூன் 19 வரை உள்ள 104 நாளால் பெருக்கினால் 18 ரிங்கிட் 52 சென். ஏப்ரல், மே, ஜூன் வாடகைகள் உரிய நாளில் வந்ததால் அவற்றுக்குக் கட்டணம் இல்லை. மார்ச் வாடகை வந்துவிட்டதால் இந்தத் தொகை இனிமேல் கூடாது.

இதை ஜூலை 15-ஆம் தேதிக்குள் வங்கி வழியாகவோ அலுவலகத்திலோ கட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். ரொக்கமாகக் கட்டினால் 18 ரிங்கிட் 50 சென். ஏற்கெனவே கட்டியிருந்தால் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

எங்கள் தேதியிலோ கணக்கிலோ தவறு இருப்பதாகத் தோன்றினால், உங்களிடம் உள்ள வங்கிச் சீட்டுடன் பொருளாளரைப் பார்க்கலாம். பார்த்துப் பேசி முடிக்கும்வரை மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க மாட்டோம்.

ஜூன் 24-ஆம் தேதி உங்கள் கடைக் கதவில் ஒட்டிய அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதில் இருந்த தொகையும் வாசகமும் தவறு. வருந்துகிறோம்."

இதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. பக்தி வாசகம் ஒன்றும் சேர்க்கவில்லை. சாமி பேரை வைத்துக் காசு கேட்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நிர்வாகம், அம்மன் இல்லை.

சில சொற்களுக்காக நாங்கள் ரொம்ப நேரம் சண்டை போட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் "கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று எழுதியிருந்தோம். யார் கேட்கிறார்கள் என்றே தெரியாத சொல் அது. சுவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. "கேட்டுக்கொள்கிறோம்" என்று மாற்றினோம். கேட்பது நாங்கள், பதில் சொல்ல வேண்டியதும் நாங்கள். "நீங்கள் கட்டத் தவறியதால்" என்பதை "ஜூன் 20-ஆம் தேதி கிடைத்தது" என்று மாற்றினோம். முதலாவது குற்றச்சாட்டு, இரண்டாவது தேதி. குற்றச்சாட்டை மறுத்துச் சண்டைக்கு வரலாம். தேதி தவறென்றால் சீட்டைக் காட்டினால் போதும். மரியாதையாக எழுதுவது கணக்குக்கும் நல்லதுதான் என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. வாடகை தீர்ந்துவிட்டது என்பதை மேலே கொண்டுவந்ததும் அதனால்தான். பழைய நோட்டீஸைப் படித்த அக்கா, நாலு மாத வாடகையே வரவில்லை என்று நாம் சொல்வதாக நினைத்து, வீட்டில் இருந்த நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடை வரை போய்விட்டார். கதவு மூடியிருந்ததால் திரும்பி வந்தார். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருகிறோம்.

"18 வெள்ளிக்கு யார் பயப்படுவா? அப்புறம் எல்லாரும் லேட்டாத்தான் கட்டுவாங்க லா." செயலவையில் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான், நழுவவில்லை. கோயிலுக்கும் மின்கட்டணம் உண்டு, அர்ச்சகர் சம்பளம் உண்டு. வாடகை நாளுக்கு வந்தால்தான் ஓடும். ஆனால் கட்டணம் போதவில்லை என்றால் அதை உயர்த்துகிற இடம் ஒப்பந்தம்தான். புதுப்பிக்கும்போது உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு மாற்றுங்கள். ஒப்பந்தத்தில் 10 என்று எழுதிவிட்டு நோட்டீஸில் 120 கேட்பது பயமுறுத்தல், அதைக் கட்டணம் என்று சொல்ல முடியாது. வாடகை வராமலே போனால் இரண்டு மாத வைப்புத்தொகை 1,300 ரிங்கிட் நம் கையில் இருக்கிறது, ஒரு மாத அறிவிப்பு கொடுக்கும் உரிமை இருக்கிறது. அந்த இரண்டும் உண்மையான பல். ஒட்டிய தாளுக்குப் பல் இல்லை, சத்தம் மட்டும்தான்.

ஒப்பந்தத்தில் உயர்த்தினாலும் இஷ்டத்துக்கு முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, மீறலுக்கு இவ்வளவு என்று தொகை எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் நட்டத்தைக் கேட்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற பக்கம் நின்றது. 2018-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதைத் தளர்த்தி, எல்லா வழக்கிலும் உண்மை நட்டத்தைக் காட்ட வேண்டியதில்லை, எழுதிய தொகை நியாயமில்லை என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்றது. ஆக, ஒப்பந்தத்தில் நியாயமாக எழுதி வைத்தால் சட்டம் இன்றைக்குக் கோயிலுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கேயுமே எழுதாத 290-க்கு எந்தத் தீர்ப்பும் உதவாது. அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணத்துக்குக் கூட 2013-ஆம் ஆண்டு சட்டத்தில் தாமத வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. நம்மில் பாதிப் பேர் அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். அங்கே மாதம் 10 விழுக்காடு போட்டால் சும்மா இருப்போமா? கூட்டத்தில் நாற்காலி பறக்காதா?

"இவ்வளவு விளக்கமா எழுதினா ஆளுக்கு ஆள் கணக்கு கேட்க ஆரம்பிப்பாங்க." இதையும் ஒருவர் சொன்னார், அதுவும் பயமாகச் சொன்னார். கேட்கட்டும். கேட்பதற்குத்தானே பேரேடு. உபயம் எழுதுகிறவர் ரசீது கேட்டால் கொடுக்கிறோம், கடைக்காரர் கணக்குக் கேட்டால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

"மரியாதையா எழுதினா ஏறி மிதிப்பாங்க." அக்கா கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் வந்து 18.50 ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கிப் போனார். ஒருத்தர் கட்டியதை வைத்து எல்லாரும் கட்டுவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மரியாதையாகக் கேட்டும் கட்டாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த கடிதமும் இதே கணக்கோடுதான் போகும், கீழே வைப்புத்தொகை பற்றியும் அறிவிப்புக் காலம் பற்றியும் விதி எண்ணோடு ஒரு பத்தி கூடும். விஷயம் பின்னால் வழக்கறிஞர் கைக்குப் போனால், அவருக்கு வேண்டியதும் இந்தக் கடிதம்தான்: விதி, தேதி, தொகை, கொடுத்த அவகாசம். குலநாசம் என்று எழுதிய தாளை அவர் எந்தக் கோப்பில் வைப்பார்?

சிவன் சொத்து குலநாசம் என்று எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டோம். அவரிடம் நேரில் கேட்டோம். "கோயில் காசை ஏமாத்தக் கூடாதுன்னுதானே எழுதினேன்" என்றார். சரிதான் அண்ணே. கோயில் பேரைச் சொல்லி ஏழையிடம் 271 ரிங்கிட் 48 சென் கூடுதலாக வாங்குவதற்கு அந்தப் பழமொழி பொருந்தாதா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன் கைப்பேசியில் இருந்த படத்தைக் குழுவிலிருந்து நீக்கினார்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கசப்பானது. பேரேட்டைப் புரட்டும்போது, அதே மேசைக் கண்ணாடித் தாள் கணக்கில் கடந்த இரண்டு வருஷத்தில் இன்னும் மூன்று கடைகளிடம் வாங்கியிருப்பது தெரிந்தது. 195, 130, 65 ரிங்கிட். யாரும் கேள்வி கேட்கவில்லை, கட்டிவிட்டார்கள். அதில் ஒரு கடை இப்போது மூடிவிட்டது, அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொருவருக்கும் உண்மையில் எவ்வளவு வர வேண்டும் என்று தேதியோடு எண்ணிக்கொண்டிருக்கிறோம்; மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று செயலவைக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். "பழசை ஏன் கிளறணும்" என்று ஒரு குரல் வந்திருக்கிறது. மூடிப்போன கடைக்காரரின் தொலைபேசி எண் எங்களிடம் இருக்கிறது. செயலவை முடிவு செய்த அன்றே கூப்பிடுவோம்.

பொருளாளர் ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் பிறகு, அன்னதானம் தொடங்கும் முன், அலுவலகத்தில் பேரேட்டோடு இருப்பார். கடையோ மண்டபமோ வாடகைக்கு எடுத்து இந்த மாதிரி நோட்டீஸ் வாங்கியவர்கள் வாருங்கள். நோட்டீஸ், ஒப்பந்தத்தில் தாமதம் பற்றிச் சொல்லும் பக்கம், வங்கிச் சீட்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். ஒப்பந்த நகல் உங்களிடம் இல்லையென்றால் பரவாயில்லை, மூன்றாவது கோப்பில் இருக்கிறது. நாங்கள் எடுத்துத் தருகிறோம்.

— ஆலயத் தொண்டர்கள்